‘ஸ்டெடியாத்தான் இருக்கேன் சார்!’

இரவு மணி பத்தே கால். பைபாஸில் தடுப்பு போட்டு நிற்கும் காவலர் பைக்கை ஓரங்கட்டச் சொல்லிவிட்டு, கருவியை நீட்டுகிறார். “ஊதுங்க.” வந்தவர் தள்ளாடவில்லை. பேச்சு குழறவில்லை. வண்டிக்கு ஸ்டாண்டு போட்டு, பர்ஸைத் திறந்து, லைசென்ஸை எடுத்து நீட்டுகிறார். “வெறும் கட்டிங்தான் சார். பாருங்க, ஸ்டெடியாத்தான் நிக்கிறேன்.”

தமிழ்நாட்டில் எந்தச் சோதனைச் சாவடியிலும் தினமும் காதில் விழும் வாக்கியம் இது. கேட்பவர்களுக்கு இது தப்பிக்கச் சொல்லும் சாக்காகத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெரும்பாலானவர்கள் மனதாரத்தான் இதைச் சொல்கிறார்கள். தங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று உண்மையாகவே நம்புகிறார்கள். அந்த நம்பிக்கைதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

முழு போதையில் இருப்பவரைப் பற்றி யாருக்கும் சந்தேகம் கிடையாது. கூட வந்தவர்களே சாவியைப் பிடுங்கிக்கொள்வார்கள். ஆட்டோ பிடித்து ஏற்றிவிடுவார்கள். அரை கிளாஸோடு நிறுத்திக்கொண்டவரை யாரும் தடுப்பதில்லை. “அவன் அளவாத்தான் குடிப்பான்” என்று மெச்சி, அவர் வண்டியிலேயே இன்னொருவரையும் ஏற்றி அனுப்புகிறோம்.

மான்செஸ்டர் பஸ் டிரைவர்கள்

1958-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் உளவியல் பேராசிரியர் ஜான் கோஹனும் அவருடைய சகாக்களும் செய்தது. அவர்கள் தேர்ந்தெடுத்தவர்கள் அனுபவம் வாய்ந்த பஸ் டிரைவர்கள். பஸ்ஸின் அகலம் அவர்களுக்கு உடம்பு அளவு மாதிரி பழகிப்போன விஷயம்.

சோதனை மிக எளிமையானது. இரண்டு கம்பங்களை நட்டு, நடுவில் இடைவெளி விட்டார்கள். ‘இதற்குள் பஸ்ஸை ஓட்டிவிட முடியுமா?’ என்று டிரைவரிடம் கேட்டார்கள். முடியும் என்றால் ஓட்டிக் காட்ட வேண்டும். பிறகு இடைவெளியை மாற்றி வைத்து மறுபடியும் கேட்டார்கள். ஒரு பிரிவுக்கு மது கிடையாது. ஒரு பிரிவுக்குக் கொஞ்சம் விஸ்கி, இன்னொரு பிரிவுக்கு அதைவிடக் கூடுதல்.

விஸ்கி உள்ளே போனவர்கள் தங்கள் திறமையைக் கூடுதலாக எடைபோட்டார்கள். வழக்கமாகத் தயங்கியிருக்கக்கூடிய இடைவெளியில் பஸ்ஸை விடத் தயாரானார்கள். பஸ்ஸின் அகலத்தைவிடக் குறுகலான இடைவெளியைப் பார்த்துக்கூட, போய்விடலாம் என்று நினைத்தவர்கள் இருந்தார்கள்.

இந்தச் சோதனையில் ஸ்டீயரிங் பிடிக்கும் கைக்கு வேலை வருவதற்கு முன்பே தவறு நடந்துவிடுகிறது. ‘போகலாமா, வேண்டாமா’ என்ற கேள்விக்கு மனது சொல்லும் பதில் மாறிவிடுகிறது. நாம் தள்ளாட்டத்தையும் குழறலையும் பார்த்தே போதையை அளந்து பழகிவிட்டோம். கால் ஒழுங்காக நடக்கிறது, நாக்கு ஒழுங்காகப் புரள்கிறது என்றால் எல்லாம் சரி என்று முடிவு கட்டுகிறோம். நடப்பதும் பேசுவதும் கியர் போடுவதும் வருஷக்கணக்கில் ஊறிப்போன பழக்கங்கள். மூளை அவற்றை யோசிக்காமலே செய்கிறது. மது அவற்றைக் கடைசியில்தான் தொடும். அன்றைக்கு, அந்த நொடியில் புதிதாக எடுக்க வேண்டிய முடிவுகளைத்தான் முதலில் தொடுகிறது.

முதல் கிளாஸ் தூங்க வைப்பது யாரை?

மது நரம்பு மண்டலத்தை மந்தப்படுத்தும் பொருள். மூளையில் ஒரு நரம்பணு அடுத்ததை அடக்கிவைப்பதற்கான சமிக்ஞைகளைக் கூட்டுகிறது. தூண்டிவிடும் சமிக்ஞைகளைக் குறைக்கிறது. அப்படியானால் முதல் கிளாஸ் முடிந்ததும் ஏன் தூக்கம் வராமல் உற்சாகம் வருகிறது? கூச்சப்படுகிறவர் ஏன் பாட ஆரம்பிக்கிறார்?

நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதிதான் நம்மைப் பிடித்து நிறுத்துவது. இதைச் சொல்லலாமா, இப்போது முந்தலாமா, அவசரம் அவசியமா என்று கேட்டுக்கொண்டே இருக்கும் பகுதி அது. குறைந்த அளவு மதுவுக்கே அது தளர்ந்துவிடுகிறது. நாம் உற்சாகம் என்று உணர்வது, பிடித்து நிறுத்தும் கை விலகியதால் வரும் இளக்கம்தான். மேடையில் பாட அந்த இளக்கம் உதவலாம். நெடுஞ்சாலையில் எதிரே லாரி வரும்போது அது கொன்றுவிடும்.

இதைவிட என்னை யோசிக்க வைத்த ஆய்வு ஒன்று 2002-இல் நெதர்லாந்தில் நடந்தது. நாம் ஏதேனும் ஒரு தவறு செய்தால், அதை நாமே உணர்வதற்கு முன்பு, ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் மூளையின் நடுமுன் பகுதியில் ஒரு மின் அதிர்வு எழும். ‘தப்பு, தப்பு’ என்று உள்ளே அடிக்கும் மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். தலையில் மின்முனைகளைப் பொருத்தி அதை அளக்க முடியும். மிதமான அளவு மது கொடுத்துப் பார்த்தபோது அந்த மணி மங்கிப்போயிருந்தது. அதாவது, மது தவறு செய்ய வைப்பதோடு விடுவதில்லை. தவறு நடந்ததைக் கண்டுபிடிக்கும் ஆளையும் சேர்த்துத் தூங்க வைக்கிறது.

‘ஸ்டெடியாத்தான் இருக்கேன்’ என்பவர் எதை வைத்து அப்படிச் சொல்கிறார்? தன்னைத் தானே சோதித்துப் பார்த்துத்தான் சொல்கிறார். சோதிக்கும் கருவியே பழுதாகிவிட்டது என்பது அவருக்குத் தெரிய வழியே இல்லை.

கவனம் குறைவதும் இப்படித்தான். அமெரிக்காவில் ஹெர்பர்ட் மாஸ்கோவிட்ஸ் என்ற ஆய்வாளர் வாழ்நாளில் பெரும்பகுதியை இதற்கே செலவிட்டவர். சோதனைக்கூடத்தில் ஒருவருக்கு ஒரே நேரத்தில் இரண்டு வேலை கொடுப்பார்கள். திரையின் நடுவில் ஓடும் புள்ளியை ஸ்டீயரிங்கால் பின்தொடர வேண்டும். ஓரங்களில் எப்போதாவது மின்னும் விளக்குகளையும் கவனித்துப் பொத்தானை அழுத்த வேண்டும். கொஞ்சம் குடித்தவர் நடுப்புள்ளியைப் பெரிதாகத் தவறவிடுவதில்லை. ஓர விளக்குகளைத்தான் தவறவிடுகிறார். பார்வை ஒரே இடத்தில் அதிக நேரம் தங்கிவிடுகிறது. பக்கவாட்டுக்குப் போவது குறைகிறது. ரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம் மது இருக்கும்போதே இந்தக் குறை தெரிய ஆரம்பித்துவிடுகிறது. நம் சட்டம் குற்றம் என்று சொல்வதோ 30 மில்லிகிராமைத் தாண்டினால்தான்.

இதைச் சாலைக்குக் கொண்டு வாருங்கள். வண்டி கோடு மாறாமல் நேராகப் போகிறது. அதனால் ஓட்டுபவர் நன்றாக ஓட்டுவதாக நினைக்கிறார். சந்திலிருந்து வெளியே வரும் சைக்கிளும், பஸ்ஸுக்கு முன்னால் குறுக்கே இறங்கும் பள்ளிக்கூடப் பிள்ளையும் திரையின் ஓரத்தில் இருக்கிறார்கள்.

கடைசி கிளாஸும் கடை மூடும் நேரமும்

குடித்த மது உடனே முழுவதும் ரத்தத்தில் கலந்துவிடுவதில்லை. வயிற்றிலிருந்து சிறுகுடலுக்குப் போய், அங்கிருந்து கலக்கிறது. கடைசி மடக்கு குடித்த பிறகு அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை அளவு ஏறிக்கொண்டே போகலாம். அதன் பிறகுதான் மெதுவாக இறங்கத் தொடங்கும்.

1919-இல் பிரிட்டனின் எட்வர்ட் மெல்லன்பி நாய்களுக்கு மது கொடுத்துச் சோதித்தபோது ஒரு விசித்திரத்தைக் கண்டார். ரத்தத்தில் மதுவின் அளவு ஏறும்போது ஒரு குறிப்பிட்ட புள்ளியில் தெரியும் தடுமாற்றம், இறங்கும்போது அதே புள்ளியில் அவ்வளவாகத் தெரிவதில்லை. மூளை சில மணி நேரத்திலேயே கொஞ்சம் பழகிக்கொள்கிறது. இன்றும் இதற்கு அவர் பெயர்தான்.

மனிதர்களை வைத்துப் பிற்காலத்தில் ஆராய்ந்தவர்கள் இதில் ஒளிந்திருக்கும் ஆபத்தைக் காட்டினார்கள். எல்லாத் திறன்களும் ஒரே வேகத்தில் பழகிக்கொள்வதில்லை. ‘போதை தெளிந்துவிட்டது’ என்ற உணர்வு சீக்கிரம் வந்துவிடுகிறது. தன்னைத் தடுத்து நிறுத்தும் திறனும் தவறுகளைத் தவிர்க்கும் திறனும் அவ்வளவு சீக்கிரம் திரும்புவதில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது. ‘இப்ப ஓட்டிடலாம்’ என்று எழுந்து சாவியை எடுப்பது பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான்.

ஏறும் பக்கத்திலும் நம் ஊருக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. பத்து மணிக்கு டாஸ்மாக் மூடுகிறது. ஷட்டர் பாதி இறங்கும்போது அவசரமாக ஒரு கட்டிங்கை ஊற்றிக்கொண்டு வண்டியை எடுப்பவரைக் கவனித்திருப்பீர்கள். பார் வாசலில் அவர் தெளிவாகத்தான் இருக்கிறார். அந்தக் கடைசி கட்டிங் இன்னும் வயிற்றில் இருக்கிறது. அது ரத்தத்துக்கு வந்து சேரும்போது அவர் ஊர் எல்லையைத் தாண்டி, விளக்கில்லாத சாலையில் போய்க்கொண்டிருப்பார். அவர் சொன்ன ‘ஸ்டெடி’ பார் வாசலுக்கு மட்டும் பொருந்தும்.

ஒரு கட்டிங்கின் கணக்கு

சட்டம் சொல்லும் அளவு எங்கே, நாம் ‘கொஞ்சம்’ என்று சொல்வது எங்கே என்பதை ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். ஸ்வீடனைச் சேர்ந்த எரிக் விட்மார்க் 1930-களில் வகுத்துக் கொடுத்த முறையே இன்றும் தடயவியல் துறையில் புழங்குகிறது. குடித்த மதுவின் எடையை, உடம்பில் அது பரவக்கூடிய பகுதியின் எடையால் வகுக்க வேண்டும். அவ்வளவுதான். ஆண்களுக்கு அந்தப் பகுதி உடல் எடையில் சுமார் 68 சதவீதம், பெண்களுக்குச் சுமார் 55.

கட்டிங் என்பது குவார்ட்டரில் பாதி, 90 மில்லி. பாட்டில் லேபிளைப் பார்த்தால் 42.8 சதவீதம் என்று இருக்கும். அப்படியானால் அதில் சுத்தமான மது சுமார் 38 மில்லி. தண்ணீரைவிட மது லேசானது என்பதால் எடை 30 கிராம். குடித்தவர் 70 கிலோ எடையுள்ள ஆண் என்றால் மது பரவும் பகுதி ஏறக்குறைய 48 கிலோ. வகுத்தால் 100 மில்லி ரத்தத்துக்குச் சுமார் 63 மில்லிகிராம் வருகிறது. சட்டம் சொல்வது 30. ‘வெறும் கட்டிங்’ சட்ட வரம்பைப் போல இரண்டு மடங்கு.

60 மில்லி லார்ஜ் ஒன்று மட்டும் குடித்தாலே 42 வரும். 650 மில்லி பீர் பாட்டில் ஒன்றில், 5 சதவீதம் என்றால் 54 வரும். ஸ்ட்ராங் பீரில் 8 சதவீதம் இருந்தால் 86. ‘பீர்தானே, அதெல்லாம் சரக்கா?’ என்று கேட்பவர்கள் இந்த எண்ணைக் கட்டிங்கின் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஒரே ஒரு லார்ஜ் 67-ஐத் தொடவைத்துவிடும்.

இவை வெறும் வயிற்றில் வேகமாகக் குடித்தால் வரும் உச்ச மதிப்பீடுகள். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு மெதுவாகக் குடித்தால் உச்சம் குறையும், தாமதமாகவும் வரும். ஆளுக்கு ஆள் வித்தியாசம் உண்டு. அதனால்தான் ‘இவ்வளவு குடித்தால் ஓட்டலாம்’ என்று யாரும் யாருக்கும் கணக்குச் சொல்லிக் கொடுக்கக் கூடாது. நான் இங்கே கணக்குப் போட்டது, வரம்பு நாம் நினைத்ததைவிட எவ்வளவு சீக்கிரம் வந்துவிடுகிறது என்று காட்டத்தான்.

சட்டத்தின் எண்ணும் ஓர் ஆய்வின் பள்ளமும்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆவது பிரிவுதான் இதைக் குற்றமாக்குகிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு முதல் முறை பிடிபட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறது. 1988-இல் இந்தச் சட்டம் இயற்றப்பட்டபோது 30 என்ற எண்ணே அதில் இல்லை. ரத்தத்தில் எவ்வளவு குறைந்த அளவு மது இருந்தாலும் குற்றம் என்றுதான் இருந்தது. 1994-இல் வந்த திருத்தம்தான் 30 மில்லிகிராமைக் கொண்டுவந்தது. கருவியால் அளந்து வழக்குப் போட ஒரு எண் வேண்டும் என்பது புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் மக்கள் மனதில் அந்த எண் ‘அரசாங்கமே அனுமதித்த அளவு’ என்று இடம்பிடித்துவிட்டது. 29-இல் இருப்பவருக்கு வழக்கு இல்லை. அவருடைய மூளை எப்படி இருக்கிறது என்பதைப் பற்றிச் சட்டம் எதுவும் சொல்லவில்லை.

கொஞ்சம் குடித்தால் பாதகமில்லை, ஏன், நல்லதுகூட என்ற எண்ணத்துக்கு ஒரு காலத்தில் அறிவியலிலேயே ஆதாரம் இருப்பது போலத் தோன்றியது. ஊதிப் பார்க்கும் கருவியை 1954-இல் உருவாக்கிய ராபர்ட் போர்க்கென்ஸ்டீன், 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில் ஒரு பெரிய ஆய்வு நடத்தினார். விபத்தில் சிக்கிய ஆயிரக்கணக்கான டிரைவர்களையும், விபத்தில்லாமல் அதே சாலைகளில் போய்க்கொண்டிருந்த டிரைவர்களையும் ஊத வைத்து ஒப்பிட்டார். மதுவின் அளவு கூடக் கூட விபத்து அபாயம் செங்குத்தாக ஏறியது. பிரிட்டன் 1967-இல் தனக்கு 80 மில்லிகிராம் வரம்பை வகுத்தபோது இந்த ஆய்வு அதற்கு முக்கியமான அடிப்படை.

ஆனால் வரைபடத்தின் தொடக்கத்தில் ஒரு சிறு பள்ளம் இருந்தது. மிகக் குறைந்த அளவு குடித்தவர்கள், சுத்தமாகக் குடிக்காதவர்களைவிடக் கொஞ்சம் குறைவாகவே விபத்தில் சிக்கியது போலக் காட்டியது. ‘ஒரு பெக் போட்டாத்தான் நிதானமா ஓட்டுவேன்’ என்பவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

பின்னால் அதே தரவை எடுத்துப் பிரித்துப் பார்த்தபோது பள்ளத்துக்கான காரணம் தெரிந்தது. அன்றைக்குக் குடிக்காமல் வந்தவர்களில் எல்லா வகை ஆட்களும் கலந்திருந்தார்கள். இயல்பாகவே அதிகம் விபத்தில் சிக்கும் இளவயதினரும் முதியவர்களும், குடிப் பழக்கமே இல்லாதவர்களும் அதில் அடக்கம். கொஞ்சம் குடித்திருந்தவர்களில் பெரும்பாலோர் அடிக்கடி குடித்துப் பழகிய, நடுவயது, அனுபவஸ்த டிரைவர்கள். அந்தப் பிரிவினர் குடிக்காமல் ஓட்டும்போது இன்னும் பத்திரமாக ஓட்டினார்கள். ஒரே மாதிரிப் பழக்கம் உள்ளவர்களைத் தங்களுக்குள்ளேயே ஒப்பிட்டபோது பள்ளம் மறைந்தது. முதல் படியிலிருந்தே அபாயம் ஏறியது. பழம் தின்பவர்களை விறகு வெட்டுபவர்களோடு ஒப்பிட்டு, பழம் தின்றால் கை காய்க்காது என்று சொன்ன கதைதான்.

நேர்மையாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 10, 20 மில்லிகிராமில் இருக்கும் நடுவயது டிரைவருக்கு விபத்து அபாயம் கூடுவது மிகக் கொஞ்சம்தான். 2000-களில் வந்த பெரிய அமெரிக்க ஆய்விலும் 40 மில்லிகிராமை ஒட்டித்தான் ஏற்றம் தெளிவாகத் தெரிந்தது. சோதனைக்கூடத்தில் குறை தெரியும் அளவுக்கும் சாலையில் விபத்து எண்ணிக்கையாகத் தெரியும் அளவுக்கும் வித்தியாசம் உண்டு. சாலை பல நாட்கள் நம்மை மன்னித்துவிடுகிறது என்பதுதான் அதற்குக் காரணம். இளைஞர்களை அவ்வளவாக மன்னிப்பதில்லை. அவர்களுக்கு இதே அளவில் அபாயம் பல மடங்கு கூடுகிறது. நாற்பது மில்லிகிராம் என்பது எவ்வளவு என்று மறுபடியும் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: ஒரு லார்ஜ்.

ஒரு லாரியை முந்துவது

மன்னிக்காத நாள் எப்படி இருக்கும்? ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். நடுவில் தடுப்பு இல்லாத இருவழிச் சாலை. இரவு. கட்டிங் போட்ட நம் பைக்காரர் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறார். முன்னால் 45-இல் ஒரு லாரி. எதிர்த்திசையில் தூரத்தில் ஒரு பஸ்ஸின் இரண்டு விளக்குகள். அது 70-இல் வருகிறது.

லாரிக்குப் பின்னாலிருந்து விலகி, அதன் நீளத்தைக் கடந்து, முன்னால் பத்திரமாகச் சேர அவர் லாரியைவிட 40 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் வேக வித்தியாசம் 15 கிலோமீட்டர்தான். நொடிக்கு நாலு மீட்டருக்குச் சற்றே அதிகம். ஆக, ஒன்பதரை நொடிக்கு மேல் அவர் எதிர் வழித்தடத்தில் இருந்தாக வேண்டும். அதற்குள் அவர் 160 மீட்டர் ஓடியிருப்பார். பஸ் 187 மீட்டர் வந்திருக்கும். பஸ் குறைந்தது 350 மீட்டர் தள்ளி இருந்தால்தான் இந்த முந்தலைத் தொடங்கவே வேண்டும்.

இரவில் இரண்டு விளக்குப் புள்ளிகளைப் பார்த்து அது 350 மீட்டரா 250 மீட்டரா என்று சொல்வது குடிக்காதவருக்கே கஷ்டம். அதனால்தான் குடிக்காதவர் தயங்குகிறார். ‘சந்தேகமா இருக்கு, போகட்டும்’ என்று லாரிக்குப் பின்னாலேயே இருந்துவிடுகிறார். அந்தத் தயக்கம்தான் அவரைக் காப்பாற்றுவது. அது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் அதே பகுதியிலிருந்து வருகிறது. நம் பைக்காரருக்கு அந்தத் தயக்கம் வரவில்லை. மான்செஸ்டர் டிரைவருக்குக் கம்ப இடைவெளி போதுமானதாகத் தெரிந்த மாதிரி, இவருக்கும் தூரம் போதுமானதாகத் தெரிகிறது.

பஸ் உண்மையில் இருப்பது 250 மீட்டரில். இருவரும் நெருங்கும் வேகம் நொடிக்கு 36 மீட்டர். ஏழு நொடியில் சந்தித்துவிடுவார்கள். அவருக்குத் தேவையானது ஒன்பதரை. நாலாவது நொடியில் லாரியின் பாதி நீளத்தில் இருக்கும்போது, தவறு புரிய வேண்டும். பிரேக் போட்டுப் பின்வாங்க வேண்டும். தவறைச் சொல்லும் மணிதான் மங்கியிருக்கிறதே. ‘முடுக்கினால் போய்விடலாம்’ என்று அவர் ஆக்ஸிலரேட்டரைத் திருகுகிறார்.

மறுநாள் செய்தியில் ‘கட்டுப்பாட்டை இழந்து’ என்று வரும். கடைசி வரை வண்டி அவர் கட்டுப்பாட்டில்தான் இருந்தது. இழந்தது கையின் கட்டுப்பாட்டை இல்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: இதில் பத்து நாளில் ஒன்பது நாள் பஸ் டிரைவர் வேகத்தைக் குறைப்பார், லாரிக்காரர் ஓரம் ஒதுங்குவார். நம்மவர் வீடு போய்ச் சேர்ந்து, ‘போட்டுட்டு எத்தனை வருஷமா ஓட்டுறேன், ஒன்னும் ஆனதில்ல’ என்பார். அந்த ஒன்பது நாட்களும் அவருக்குத் தவறான பாடத்தைச் சொல்லிக்கொடுக்கின்றன.

இதனால்தான் ‘குடிச்சிட்டுப் பாத்துக்கலாம், முடிஞ்சா ஓட்டுவோம், இல்லன்னா ஆட்டோ’ என்ற திட்டம் வேலைக்கு ஆகாது. பார்க்க வேண்டியவர் அப்போது இருக்க மாட்டார். வீடு திரும்புவது எப்படி என்பதை முதல் கிளாஸுக்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். வண்டியை வீட்டில் விட்டுவிட்டு வருவது ஒன்று. குடிக்காத ஒருவரிடம் சாவியை முன்கூட்டியே கொடுத்துவிடுவது இன்னொன்று. கூட இருப்பவர்களுக்கும் ஒரு விஷயம்: “உனக்கு ஓகேவா மச்சான்?” என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு அவரால் சரியான பதில் சொல்ல முடியாது.

காலை ஏழு மணி

இரவு குடித்ததை இரவோடு முடிந்ததாக நினைப்பதுதான் நாம் செய்யும் இன்னொரு தவறு. கல்லீரல் மதுவை எரிப்பது ஏறக்குறைய ஒரே சீரான வேகத்தில். சராசரியாக மணிக்கு 15 மில்லிகிராம். சிலருக்கு 10, சிலருக்கு 20. எலுமிச்சைச் சாறோ, மோரோ, பச்சைத் தண்ணீர்க் குளியலோ, வாந்தியோ ரத்தத்தில் ஏற்கெனவே கலந்தது எரிவதை வேகப்படுத்தாது. ஸ்ட்ராங் காபி தூக்கத்தைக் கலைக்கும். ரத்தத்தில் மது இருந்தபடியே இருக்கும். கண் மட்டும் விழித்துக்கொள்ளும்.

ஒரு வேன் டிரைவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். 70 கிலோ எடை. சொந்தக்காரர் வீட்டு விசேஷம். இரவு ஒன்பது மணிக்கு ஆரம்பித்துப் பதினொன்றரைக்குள் ஒன்றரை குவார்ட்டர். பொறுப்பான மனிதர்; வண்டியைத் தொடாமல் அங்கேயே படுத்துவிட்டார். ஒன்றரை குவார்ட்டரில் சுமார் 91 கிராம் மது. கணக்குப்படி 191 மில்லிகிராம். ஒன்பது மணியிலிருந்து காலை ஏழு வரை பத்து மணி நேரம், எரிந்தது 150. மீதி 41.

ஆறரை மணி நேரத்துக்கு மேல் தூங்கிவிட்டார். குளித்தாயிற்று, நெற்றியில் விபூதி, கையில் காபி. வாயில் வாடைகூட இல்லை. அவருடைய கல்லீரல் மெதுவாக எரிக்கும் ரகம் என்றால், மீதி 91. வேனில் பன்னிரண்டு பிள்ளைகள் ஏறப்போகிறார்கள். ஒரு காவலர் அந்நேரத்தில் நிறுத்தி ஊதச் சொன்னால், அவர் உண்மையாகவே திகைத்துப்போய்ச் சொல்வார்: “நான் நேத்து ராத்திரிதான் சார் குடிச்சேன்!”